கேட்க வேண்டியதை முதல் வாக்கியத்தில் கேளுங்கள்: திருப்பூர் மெர்ச்சண்டைசிங் மேசையிலிருந்து

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கப்பலேறும் வரை நடத்திச்செல்லும் மெர்ச்சண்டைசிங் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகும் முக்கியமான மின்னஞ்சல்களின் வரைவுகள் என் பார்வைக்கு வந்த பிறகே வெளியே செல்லும். புதிதாகச் சேர்ந்தவர்களின் வரைவில் நான் கை வைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பையரிடம் என்ன கேட்கிறோமோ அதைக் கடைசிப் பத்தியின் கடைசி வரியில் வைத்திருப்பார்கள். அதை அங்கிருந்து எடுத்து முதல் வாக்கியமாக்குவேன். அந்த இடமாற்றம் ஏன் தேவைப்படுகிறது, எந்தச் சூழலில் கோரிக்கையைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்பதை ஒரே ஒரு ஆர்டரின் கதையை வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனிக்குப் போக வேண்டிய 12,000 டி-ஷர்ட். நேவி, கிரே மெலாஞ்ச், ஆலிவ் என மூன்று நிறம், ஒவ்வொன்றிலும் 4,000. ஏப்ரல் 24 அன்று கப்பல். கிரே மெலாஞ்சுக்கு நூலிலேயே நிறம் வந்துவிடுவதால் அதற்கு லேப் டிப், அதாவது சாயமேற்றும் முன் ஒப்புதலுக்கு அனுப்பும் சிறு நிற மாதிரி, கிடையாது. நேவிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஆலிவுக்கு ஏ, பி, சி என மூன்று லேப் டிப்புகளைக் கூரியரில் அனுப்பியிருந்தோம், பதில் வரவில்லை. ஆலிவ் துணி ஏறத்தாழ 800 கிலோ. அதற்குச் சாயப்பட்டறையில் மார்ச் 13 வெள்ளிக்கிழமை இயந்திரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வாரத்தின் திங்கட்கிழமை, எங்கள் பிரிவில் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண் நினைவூட்டும் மின்னஞ்சலின் வரைவைக் கொண்டுவந்தார். நாங்கள் பையருக்கு எழுதுவது ஆங்கிலத்தில். இங்கே அதன் கருத்தைத் தமிழில் தருகிறேன்.

"வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். கீழுள்ள கடிதங்களையும் நமது தொலைபேசி உரையாடலையும் தொடர்ந்து இதை எழுதுகிறோம். மேற்படி ஆர்டருக்கான லேப் டிப்புகளைக் கடந்த வாரம் கூரியரில் அனுப்பியிருந்தோம். அவை உங்களை வந்தடைந்திருக்கும். நேவிக்கு ஒப்புதல் கிடைத்தது, நன்றி. ஆலிவுக்கு மூன்று மாதிரிகள் அனுப்பியுள்ளோம். எங்கள் சாயப்பட்டறையில் தற்போது வேலை மிகுதியாக உள்ளது. ஆர்டரைக் குறித்த நேரத்தில் முடிக்க எல்லா முயற்சிகளும் எடுத்து வருகிறோம். எனவே இது குறித்து விரைவில் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பிழை என்று சொல்லத்தக்க வாக்கியம் ஒன்றும் இதில் இல்லை; மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இதைப் பெறுகிறவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரும் நம்மைப் போன்ற ஒரு மெர்ச்சண்டைசர்தான். அவர் நிறுவனத்துக்குப் பல நாடுகளிலிருந்து சரக்கு வருகிறது. காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அனுப்பியவர் பெயர், தலைப்பு, உள்ளேயிருந்து ஒன்றரை வரி ஆகியவை மட்டுமே தெரியும். அந்த ஒன்றரை வரியில் அவருக்கு நாம் காட்டியது "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்". அன்று வந்த பாதிக் கடிதங்கள் அப்படித்தான் தொடங்கியிருக்கும். எதற்கு இப்போதே பதில் எழுத வேண்டும், எது மாலை வரை பொறுக்கும், எதைப் படித்து வைத்தால் போதும் என்று அவர் பிரித்துப்போடும் வேளையில், நம் கடிதம் "பிறகு பார்க்கலாம்" என்ற பக்கம் போய்விழும்.

தலைப்பில் எழுதிவிட்டோமே என்று சிலர் கேட்பார்கள். ஓர் ஆர்டருக்கு ஜனவரியில் தொடங்கிய கடிதத் தொடரிலேயே மார்ச் வரை பதில் மேல் பதிலாக எழுதிக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம். தலைப்பில் இருப்பது விலை பேசிய காலத்துச் செய்தியாக இருக்கும். தொடரை முறிக்காமல் தலைப்பை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆயினும் முதல் வாக்கியத்தின் வேலையைத் தலைப்பு செய்துவிடாது. எதைப் பற்றிய கடிதம் என்பதைத் தலைப்பு சொல்லும். படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

அந்த வரைவில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. "ஆவன செய்யுமாறு" என்பதைப் படித்தவர் எதைச் செய்வார்? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோமா, கூரியர் வந்ததா என்று உறுதிப்படுத்தச் சொல்கிறோமா, தாமதத்துக்கு முன்கூட்டியே காரணம் சொல்லி வைக்கிறோமா என்பது அதில் இல்லை. இப்படிப்பட்ட கடிதம் வேலை செய்யவில்லை என்பதை வரும் பதிலிலிருந்தே கண்டுகொள்ளலாம். "குறித்துக்கொண்டோம், நன்றி" என்று ஒரு வரி வரும். அல்லது நாம் போகிற போக்கில் எழுதிய ஏதோ ஒன்றுக்கு, இங்கே சாயப்பட்டறையின் வேலை மிகுதிக்கு, கவலையோடு விளக்கம் கேட்டுப் பதில் வரும். பையர் சோம்பல்படுகிறார் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வோம். கேள்வியே போய்ச் சேராதபோது அவர் எதற்குப் பதில் சொல்வார்?

வரைவை இருவருமாக உட்கார்ந்து மாற்றி எழுதினோம்.

"வணக்கம். ஆலிவ் நிறத்துக்கான லேப் டிப் ஏ, பி, சி ஆகியவற்றுள் ஒன்றை, மார்ச் 12 வியாழக்கிழமை உங்கள் நேரம் நண்பகல் 12 மணிக்குள் தேர்ந்தெடுத்துத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

எங்கள் பரிந்துரை பி. டி65 விளக்கிலும், உங்கள் கடைகளுக்கு நீங்கள் குறிப்பிட்டுள்ள டி.எல்.84 விளக்கிலும் உங்கள் மூல மாதிரிக்கு அதுவே மிக நெருக்கமாக உள்ளது.

வியாழனன்று முடிவு தெரிந்தால் வெள்ளிக்கிழமை துணி சாயத்துக்கு ஏறும். அடுத்து இயந்திரம் கிடைப்பது மார்ச் 20. அப்போது ஆலிவ் சரக்கு ஏப்ரல் 24 கப்பலுக்குப் பதிலாக மே 1 கப்பலில்தான் போக முடியும்.

மூன்றுமே பொருந்தவில்லையெனில், நிறம் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். புதிய மாதிரி அனுப்புகிறோம்."

இதில் முதல் வாக்கியம் நான்கு செய்திகளைச் சுமக்கிறது: எந்தப் பொருள், என்ன செயல், யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள். இவற்றுள் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது செயலைத்தான். "ஆலிவ் லேப் டிப் தொடர்பாக எழுதுகிறோம்" என்று எழுதிவிட்டு, நோக்கத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டதாக நினைப்பார்கள். அது பொருளைச் சொல்கிறதே தவிர நோக்கத்தைச் சொல்லவில்லை. தேர்ந்தெடுங்கள், ஒப்புதல் தாருங்கள், திருத்தி அனுப்புங்கள், உறுதிப்படுத்துங்கள் என்று செய்து முடித்தால் முடிந்ததென்று தெரியும்படியான ஒரு வினைச்சொல் அங்கே இருக்க வேண்டும். கவனியுங்கள், ஒத்துழையுங்கள், ஆவன செய்யுங்கள் போன்றவற்றைச் செய்து முடித்ததாக யாராலும் சொல்ல முடியாது.

கெடுவுக்கு நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு வரை ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதன்பின் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம். வெறுமனே வியாழனுக்குள் என்று கேட்டால், அவர் தம் வியாழன் மாலை ஐந்தரைக்கு நல்லெண்ணத்தோடு பதில் அனுப்புவார். இங்கே இரவு பத்து மணி. சாயப்பட்டறைக்குச் சொல்ல வேண்டிய ஆள் வீட்டுக்குப் போயிருப்பார். அவருடைய நண்பகல் 12 மணி நமக்கு மாலை நாலரை; பெருந்துறையிலுள்ள சாயப்பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லி மறுநாள் காலை ஏற்றத்தை உறுதி செய்ய நேரம் மிஞ்சும்.

காரணமும் விளைவும் கோரிக்கைக்குப் பின்னால் வருவதைக் கவனித்திருப்பீர்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு படிக்கும் காரணம், முடிவெடுக்க உதவுகிறது. என்ன கேட்கப் போகிறார்கள் என்று தெரியாமல் படிக்கும் காரணம், எதற்கோ அடிபோடுவதாகத் தோன்றுகிறது. மே 1 கப்பல் என்ற செய்தியை முதல் வரியிலேயே வைத்திருந்தாலோ அது மிரட்டலாகப் படும். ஆகவே முதலில் கோரிக்கை, அடுத்து அவர் முடிவெடுக்கத் தேவையானது, அதற்கும் அடுத்துத் தாமதித்தால் நேர்வது என்ற வரிசையையே நான் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நம் கடிதத்தைப் பெறும் மெர்ச்சண்டைசர் அல்லர், அவருடைய வடிவமைப்பாளர். கடிதம் அப்படியே அவருக்கு அனுப்பப்படும்; மேலே "இதைப் பார்க்கவும்" என்று ஒரு சொல் இருந்தால் அதிகம். பழைய உரையாடல் எதையும் அறியாத அந்த மூன்றாவது ஆள் முதல் வாக்கியத்தை மட்டும் படித்தே ஏ, பி, சி-யைக் கையில் எடுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். "நாம் தொலைபேசியில் பேசியபடி" என்று தொடங்கிய கடிதம் அவரிடம் போய் ஊமையாகிவிடும்.

மாற்றி எழுதியதைப் படித்த அந்தப் பெண்ணுக்கு ஒரு தயக்கம். "எடுத்த எடுப்புலயே கேட்டா மரியாதை இல்லாத மாதிரி இருக்காதுங்களாண்ணா?" என்றார். நியாயமான கேள்விதான். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் காரியமாகப் போனாலும் வாசலிலேயே காரியத்தைச் சொல்வதில்லை. "வாங்க, உட்காருங்க" என்று தண்ணீர் கொடுத்து, மழை பெய்ததா, மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது, பையன் படிப்பு எப்படி என்று விசாரித்து, காபி குடித்து முடித்த பிறகுதான் "அப்பறம், ஒரு சேதிங்க" என்று பேச்சு வரும். அந்த நேரமெல்லாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்பதும் வீட்டுக்காரருக்குத் தெரியும். மின்னஞ்சலில் எதிரே ஆள் இல்லை. சேதி வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் படிப்பவருக்குக் கிடையாது. எனவே மரியாதையை வேறு இடங்களில் வைக்கிறோம்: பெயர் சொல்லி அழைப்பதில், வணக்கத்தில், "வேண்டுகிறோம்" என்ற முடிப்பில், காரணத்தைத் தெளிவாகச் சொல்வதில், முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்று வழி விடுவதில். நலம் விசாரிக்க வேண்டுமென்றால் கடைசி வரியில் விசாரிக்கலாம். போன முறை திருப்பூர் வந்தபோது தம் குழந்தையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதை அங்கே கேட்பது, தொடக்கத்தில் எழுதும் சடங்கு வாசகத்தைவிட அவருக்கு மகிழ்ச்சி தரும்.

கோரிக்கையைக் கடைசியில் வைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்திலிருந்தே நம்முடன் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு இரண்டு நாள்களாகக் காய்ச்சல், மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார், ஆகையால் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். உள்ளூர் நிட்டிங், டையிங், பிரிண்டிங் நிறுவனங்களுக்குத் தமிழிலேயே எழுதும்போது இந்தச் சிக்கல் கூடுகிறது; தமிழில் வினைமுற்று பொதுவாக வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "தங்களிடம் கடந்த மாதம் 18ஆம் தேதி கொடுத்த நேவி துணியில் முதல் லாட்டுக்கும் இரண்டாம் லாட்டுக்கும் ஷேடு வேறுபாடு இருப்பதாக எங்கள் கட்டிங் பிரிவில் தெரிவித்துள்ளதால் அதன் மாதிரியை இத்துடன் அனுப்பியுள்ளபடியால் அதனைப் பார்த்து" என்று போய்க்கொண்டே இருக்கும்; செயல் என்ன என்பது மூச்சு வாங்கிய பிறகுதான் தெரியும். தமிழில் எழுதும்போது முதல் வாக்கியத்தைக் குறுக்கிவிடுவதே இதற்கு வழி. "நேவி இரண்டாம் லாட்டை நாளைக் காலை உங்கள் தரப் பரிசோதகர் எங்கள் கட்டிங் பிரிவில் நேரில் வந்து பார்க்க வேண்டும். முதல் லாட்டுக்கும் அதற்கும் ஷேடு வேறுபடுகிறது." காரணத்தை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளினால் வினைச்சொல் முன்னே வந்துவிடும்.

பையரிடமிருந்து "பி" என்று புதன்கிழமையே பதில் வந்தது. வெள்ளிக்கிழமை துணி சாயத்துக்கு ஏறியது. ஆனால் சாயமேறி வந்த துணியில் ரோலுக்கு ரோல் நிறம் சமமாக இல்லை. மறுசாயம் போட்டே ஆக வேண்டும் என்று முடிவானபோது, ஆலிவ் ஒரு வாரம் தள்ளிப்போவது உறுதியாகிவிட்டது. இப்போது எழுத வேண்டியது வேறு வகைக் கடிதம்: கெட்ட செய்தியும் பெரிய உதவிக் கோரிக்கையும் சேர்ந்த கடிதம். இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் கோரிக்கையைப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். எதிர்பாராத சூழ்நிலை, மறுசாயம், ஆள் பற்றாக்குறை என்று இரண்டு பத்தி எழுதிய பிறகு, "ஆகவே கப்பல் தேதியில் சிறிது அவகாசம் தந்து ஒத்துழைக்க வேண்டுகிறோம்" என்பார்கள்.

இந்த ஆர்டருக்கு எல்.சி. இருந்தது, அதாவது நிபந்தனைப்படி ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். அதில் கடைசி ஏற்றுமதி நாள் ஏப்ரல் 26. சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்றும் இருந்தது. இந்த நிலையில் பையரின் மெர்ச்சண்டைசர் "சரி, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதினாலும் நமக்குப் பணம் வருவதற்கு அது உத்தரவாதம் ஆகாது. எல்.சி.க்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் யு.சி.பி. 600 விதிகளின் 10ஆம் பிரிவுப்படி, அதைத் திறந்த வங்கி, உறுதியளித்த வங்கி ஏதேனும் இருந்தால் அது, பணம் பெற வேண்டிய நாம் ஆகிய எல்லோரும் சம்மதித்தால்தான் திருத்தம் செல்லும். திருத்தக் கோரிக்கை பையர் தம் வங்கிக்குக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். திருத்தாமல் மே 1 அன்று ஏற்றினால், வங்கி ஆவணங்களில் முரண் என்று பணம் தர மறுக்கலாம். ஆகவே ஒத்துழைப்பு கேட்டு எழுதுவதில் பயனில்லை. வங்கிக்கு அறிவுறுத்தல் கொடுங்கள் என்பதே இங்கே கேட்க வேண்டியது. கோரிக்கையை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன், நமக்குப் பலன் தரும் செயல் எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். முதல் வாக்கியத்தில் எழுத முயலும்போதுதான் அது பிடிபடுகிறது.

எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது: "ஆலிவ் 4,000 உருப்படிகளை மட்டும் ஏப்ரல் 24க்குப் பதிலாக மே 1 கப்பலில் அனுப்ப உங்கள் சம்மதத்தையும், அதற்கேற்ப எல்.சி.யில் இரண்டு திருத்தங்களையும் வேண்டுகிறோம். நேவி, கிரே மெலாஞ்ச் 8,000 உருப்படிகள் ஏப்ரல் 24 அன்றே புறப்படும்." பாதிக்கப்படாத பகுதியை இரண்டாவது வாக்கியமாக வைத்தது வேண்டுமென்றேதான், இல்லையென்றால் முழு ஆர்டரும் தாமதம் என்ற கலக்கத்தோடு மீதியைப் படிப்பார். அடுத்து, என்ன நடந்தது என்பதற்கு மூன்று வாக்கியங்கள் மட்டும்: ரோல்களில் நிறம் சமமாக இல்லை, கட்டிங்குக்கு முன்பே கண்டுபிடித்தோம், மறுசாயம் இந்தத் தேதியில் முடிகிறது. அதன் பிறகு திருத்தங்களைத் தனி வரிகளில் எழுதினோம்: கடைசி ஏற்றுமதி நாள் மே 3 என மாற்றுவது ஒன்று, பகுதி ஏற்றுமதியை அனுமதிப்பது மற்றொன்று. வங்கிக்கு எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதும், ஆலிவில் ஒரு பகுதி அவசரமாகத் தேவைப்பட்டால் விமானத்தில் அனுப்பும் செலவைப் பற்றிப் பேசத் தயார் என்பதும் கடைசியில் வந்தன. முதல் வாக்கியத்தில் சுருக்கமாகக் கேட்டதைப் பின்னால் ஒரு முறை முழு விவரத்தோடு எழுதுவது, வேறொருவர் அதை அப்படியே படியெடுத்துப் பயன்படுத்த வேண்டியிருக்கும்போது அவசியமாகிறது. இங்கே அந்த இரண்டு வரிகளைத்தான் அவர்களுடைய கணக்குப் பிரிவு வங்கிக்கு அனுப்பியது.

இந்த முறைக்கு விலக்கும் உண்டு. நம்மை அறியாத புதிய பையருக்கு எழுதும்போது யார் எழுதுகிறோம் என்பதற்கு அரை வாக்கியமாவது முன்னே வேண்டும். "உங்கள் சென்னை அலுவலகம் சொல்லி எழுதுகிறோம், வரும் வாரம் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்க முடியுமா" என்று ஒரே மூச்சில் சேர்த்துவிடலாம். தகவலுக்காக மட்டும் எழுதும் கடிதத்தில் கோரிக்கையே இல்லை. அப்போது, "உங்கள் தகவலுக்கு மட்டும், பதில் தேவையில்லை" என்று முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுவதே நோக்கத்தைச் சொல்வதாகும். இரண்டு பேரிடம் இரண்டு வேலை கேட்க வேண்டுமென்றால் நான் இரண்டு கடிதங்களாகவே பிரிக்கச் சொல்கிறேன். ஒரே கடிதத்தில் ஐந்து பேரைச் சேர்த்துப் பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள்.

"வியாழனுக்குள் பதில் வராவிட்டால் பி-க்கு ஒப்புதல் கிடைத்ததாக எடுத்துக்கொள்வோம்" என்று எழுதும் வழக்கமும் சிலரிடம் பரவி வருகிறது. கெடு வைப்பதற்குச் சமமாக இதை நினைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பையர் முன்பே எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தாலொழிய, 800 கிலோ துணியைச் சாயத்தில் இறக்கிவிட்டு அந்த ஒரு வரியைக் காட்டி வாதாட முடியாது. வியாழன் நண்பகலுக்குப் பதில் வராவிட்டால் அவர் நேரம் 12:05க்குத் தொலைபேசியை எடுப்பதே எங்கள் அலுவலக வழக்கம். பேசி முடித்தவுடன், "தொலைபேசியில் நீங்கள் தேர்ந்தெடுத்த பி-யை இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டுகிறோம்" என்று ஒரே வாக்கியத்தில் மின்னஞ்சல் போய்விடும்.